499.90

நான்கு வருடங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் ஒன்றே கால் மணி. 512 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பங்கு என் கையில் இருந்தது, 165 எண்ணிக்கை. முந்தைய இரண்டு வாரத்தில் அந்தப் பங்கு இரண்டு தடவை கீழே வந்து 500-க்குப் பக்கத்தில் திரும்பியிருந்தது. ஒரு தடவை 501.20-லிருந்து, இன்னொரு தடவை 500.35-லிருந்து. 500 நல்ல சப்போர்ட், விலையைத் தாங்கும் இடம் என்று சார்ட்டைப் பார்த்த யாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 500 உடையாத வரை பயமில்லை, உடைந்தால் என் கணிப்பு தப்பு, வெளியே வந்துவிட வேண்டியதுதான் என்று 499.90 தொட்டால் தானாக விற்றுவிடும் ஸ்டாப்லாஸ் ஆர்டர் போட்டிருந்தேன். விலை மெதுவாக இறங்கி 500.05 வந்தது. 500-ல் சில நிமிடம் நின்றது. அப்புறம் ஒரு சரிவு. என் ஆர்டர் 499.15-க்கு விற்றது. அன்றைய குறைந்தபட்ச விலை 498.80. மூன்றரை மணிக்குச் சந்தை மூடும்போது அதே பங்கு 509. அடுத்த வாரம் 531.

நஷ்டம் 2,120 ரூபாய். அதைவிடப் பெரிய நஷ்டமெல்லாம் பார்த்திருக்கிறேன், எதுவும் இவ்வளவு நாள் நினைவில் நிற்கவில்லை. நான் நினைத்த திசையில்தான் பங்கு போனது, ஆனால் என்னை இறக்கிவிட்டுவிட்டுப் போனது. அதுவும் எனக்கும் அந்த நாளின் அடிமட்டத்துக்கும் நடுவே ஒரு ரூபாய் பத்து காசுதான் இருந்தது.

அப்போது மதுரையில் ஒரு புரோக்கர் கிளைக்கு வாரம் இரண்டு நாள் போவேன். முப்பது வருடமாகச் சந்தையில் இருக்கும் ஒரு பெரியவர் அங்கே வருவார். நடந்ததைச் சொன்னேன். "ஆபரேட்டர் வேலை தம்பி. கீழ யார் யார் ஸ்டாப்லாஸ் கிடக்குன்னு அவனுக்குத் தெரியும். துடைச்சு எடுத்துட்டு மேல ஏத்துவான்" என்றார். "ஆனா அண்ணே, ஸ்டாப்லாஸ் ஆர்டர் டெப்த்துல தெரியாதே?" என்று கேட்டேன். "உனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்" என்று முடித்துவிட்டார்.

இந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இருந்தது, அதே நேரம் உறுத்தலாகவும் இருந்தது. 165 பங்குக்காக ஒருவன் மெனக்கெட்டு விலையை இறக்குவானா? சரி, என்னை மாதிரி நூறு பேர் இருந்தோம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நூறு பேரும் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? நம் தேசியப் பங்குச் சந்தையில் ஸ்டாப்லாஸ் ஆர்டர்கள் தனிப் பட்டியலில் இருக்கும். தூண்டும் விலை தொடப்படும் வரை அவை வழக்கமான ஆர்டர் வரிசைக்கே வராது, வாங்க, விற்க நிற்பவர்களின் விலையை டெர்மினலில் காட்டும் ஐந்து வரி டெப்த்திலும் இருக்காது. இந்தக் கேள்விக்கு விடை தெரியாமலே இரண்டு வருடம் வியாபாரம் செய்தேன்.

ஒரு வங்கியின் ஆர்டர் நோட்டு

விடை கிடைத்தது பங்குச் சந்தையிலிருந்து அல்ல, நாணயச் சந்தையிலிருந்து. கரோல் ஆஸ்லர் என்ற பொருளாதார அறிஞர் நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் வேலை பார்த்தவர். அந்நியச் செலாவணி வியாபாரத்தில் இருந்த ஒரு பெரிய வங்கியின் ஆர்டர் பதிவுகள் அவருக்குக் கிடைத்தன. 1999 ஆகஸ்ட் முதல் 2000 ஏப்ரல் வரை வாடிக்கையாளர்கள் கொடுத்து வைத்த 9,655 ஆர்டர்கள். டாலர்-யென், பவுண்ட்-டாலர், யூரோ-டாலர் மூன்றும் அதில் இருந்தன. இதை வைத்து அவர் எழுதிய ஆய்வு 2003-ல் வெளிவந்தது.

நாணயச் சந்தையில் மையமான ஓர் எக்ஸ்சேஞ்ச் கிடையாது. வாடிக்கையாளர் தன் வங்கியின் டீலரைக் கூப்பிட்டு, இந்த விலை வந்தால் வாங்கு, இந்த விலை வந்தால் விற்றுவிடு என்று சொல்லி வைப்பார். அந்த ஆர்டர் டீலரின் நோட்டில் இருக்கும். பங்குச் சந்தையில் நம் கண்ணுக்கு எட்டாத அந்த இருட்டுப் பகுதியை ஆஸ்லர் ஒரு வங்கி அளவிலாவது விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டார் என்பதுதான் இதில் எனக்கு முக்கியம்.

அவர் பார்த்தது இது. லாபம் எடுக்கப் போடும் ஆர்டர்கள், அதாவது நாம் டார்கெட் என்று சொல்வது, சரியாக முழு எண்ணிலேயே குவிந்து கிடந்தன. விலையின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் 00-ல் முடிபவை மிக அதிகம், அடுத்தபடியாக 50. ஸ்டாப்லாஸ் ஆர்டர்கள் அப்படி இல்லை. அவை முழு எண்ணைத் தாண்டி, ஒட்டினாற்போல் அடுத்த பக்கத்தில் கிடந்தன. விற்கும் ஸ்டாப்லாஸ் என்றால் முழு எண்ணுக்குச் சற்றுக் கீழே, முதலில் விற்றவர்கள் திரும்ப வாங்கப் போடும் ஸ்டாப்லாஸ் என்றால் சற்று மேலே.

இதைப் படித்த இடத்திலேயே நிறுத்திவிட்டு என் பழைய ஆர்டர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். டார்கெட் எல்லாம் 550, 600, 1,250, 320. ஸ்டாப்லாஸ் எல்லாம் 499.90, 579.50, 1,199, 299.80. பாதிக்கும் மேல் இப்படித்தான். லண்டனிலும் டோக்கியோவிலும் யாரோ 1999-ல் டீலரிடம் சொல்லி வைத்ததை, மதுரையில் உட்கார்ந்து நானாக யோசித்ததாக நம்பிப் போட்டிருக்கிறேன். பெரியவர் சொன்ன "அவனுக்குத் தெரியும்" என்பதற்கு அர்த்தம் அன்றுதான் புரிந்தது. யாருக்கும் எதையும் எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. 500-க்குக் கீழே பத்து காசில் என்ன கிடக்கும் என்று சார்ட்டை ஒரு தடவை பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஏன் ஒன்று எண்ணின் மேல், மற்றொன்று எண்ணுக்கு அப்பால்?

டார்கெட் முழு எண்ணில் விழுவது எளிதாகப் புரிகிறது. "550 வந்தா போதும்" என்று வாயில் வருகிறதே தவிர, "547.35 வந்தா போதும்" என்று யாருக்கும் வருவதில்லை. போனில் டீலரிடம் சொல்லவும், நினைவில் வைக்கவும், வீட்டில் சொல்லவும் முழு எண்தான் வசதி. ஆப்ஷன் சந்தையில் ஒப்பந்தம் எந்த விலைக்கு என்று குறிக்கும் ஸ்ட்ரைக் விலைகளும் முழு எண்களாகவே இருப்பதால் அதை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களின் ஆர்டர்களும் அங்கேயே வந்து சேரும்.

ஸ்டாப்லாஸ் எண்ணுக்கு அப்பால் போவதற்கு வேறு மனக்கணக்கு இருக்கிறது. 500-ல் வாங்கக் காத்திருப்பவர்கள் நிறைய என்று எனக்குத் தெரியும், அதனால் 500 தாங்கும் என்று நம்புகிறேன். அப்படியானால் 500-லேயே விற்பது மடத்தனம், தாங்கும் இடத்திலேயே விற்றதாகிவிடும். 500 தாங்கவில்லை என்பது உறுதியான பிறகுதான் விற்க வேண்டும். அந்த உறுதி முதன்முதலில் கிடைக்கும் விலை எது? 499.95 அல்லது 499.90. அதைவிடக் கீழே போட்டால் நஷ்டம் கூடும். ஆகவே எண்ணைத் தாண்டிய உடனேயே, முடிந்த அளவு நெருக்கமாக. இப்படி யோசிப்பதில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் ஆயிரம் பேர் இதே வரிசையில் இதையே யோசித்தால் ஆயிரம் பேரும் ஒரே விலையில் வந்து நிற்பார்கள்.

கல்யாண வீட்டு மொய் எழுதும் மேஜையை நினைத்துக்கொள்வேன். 500 என்று யாரும் எழுதுவதில்லை, 501 என்றுதான் எழுதுகிறோம். முழு எண்ணோடு கணக்கு முடிந்துவிட்டது போலத் தோன்றும், அந்த ஒரு ரூபாய் அது முடியவில்லை, தொடர்கிறது என்று காட்டும். காரணம் வேறாக இருந்தாலும், முழு எண்ணை ஓர் எல்லையாகப் பார்ப்பதும், எல்லைக்கு ஓரடி அப்பால் போனால் சங்கதி மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்வதும் நமக்குள் நன்றாக ஊறியவை.

500 உடையும்போது உள்ளே நடப்பது

அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்ணிக்கைகள் என் கற்பனை, விலைகள் மட்டும் அன்றையவை. 500-ல் 40,000 பங்குக்கு வாங்கும் ஆர்டர் நிற்கிறது. அதற்குக் கீழே ஐந்து காசுக்கு ஒரு படி என்று 499.95 முதல் 499 வரை இருபது படிகள், படிக்கு ஏறத்தாழ 450 பங்கு, மொத்தம் 9,000. எல்லோரும் 500-ல் வாங்கவே ஆசைப்பட்டதால் கீழே கூட்டம் குறைவு. கண்ணுக்குத் தெரியாமல் ஸ்டாப்லாஸ்கள் கிடக்கின்றன: 499.90-ல் 6,000, 499.50-ல் 8,000, 499-ல் 5,000.

இப்போது யாரோ ஒரு ஃபண்ட், தன் சொந்தக் காரணத்துக்காக 42,000 பங்கு விற்கிறது. 500-ல் நின்ற 40,000 அதை வாங்கிக்கொள்கிறது. விலை அசையாமல் நின்ற சில நிமிடம் இதுதான், சார்ட்டில் சப்போர்ட் போலத் தெரிந்த நேரம். மிச்சம் 2,000 கீழே இறங்கி நான்கைந்து படியைத் தின்று 499.75-க்கு வருகிறது. வழியில் 499.90 தொடப்பட்டுவிட்டது. அங்கே தூங்கிய 6,000 பங்கும் எழுந்து, கிடைத்த விலைக்கு விற்கும் மார்க்கெட் ஆர்டர்களாக மாறுகின்றன. அதில் என் 165-ம் ஒன்று. அவற்றுக்குப் பதின்மூன்று படி தேவைப்படுகிறது, விலை 499.10-க்குப் பக்கம். போகிற போக்கில் 499.50 தொடப்பட்டதால் இன்னொரு 8,000 எழுகிறது. அது 499-ஐ உடைத்து அங்கிருக்கும் 5,000-ஐயும் எழுப்புகிறது. கடைசியில் 498.80-ல் நின்ற ஒரு பெரிய வாங்கும் ஆர்டர் மிச்சத்தை எல்லாம் எடுத்துக்கொள்கிறது.

கூட்டிப் பாருங்கள். 500-க்குக் கீழே அந்த ஃபண்ட் விற்றது 2,000 மட்டுமே. ஸ்டாப்லாஸ்கள் விற்றது 19,000. விலையை இறக்கியது பெரும்பாலும் இறங்குமோ என்று பயந்த எங்களுடைய ஆர்டர்கள்தான். அந்த 19,000-ம் விற்று முடிந்ததும் விற்க ஆளில்லை, விலை தன் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது. ஆபரேட்டர் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். 500-க்கு மிக அருகில் விலை வரும்போது வேண்டுமென்றே தள்ளிப் பார்க்கிறவர்கள் எல்லாச் சந்தையிலும் உண்டு, நாணயச் சந்தையில் தன் நோட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்த டீலர்களும் உண்டு. ஆனால் அப்படி ஒருவர் இல்லாவிட்டாலும் இதே சார்ட் வரும் என்பதுதான் என்னை ஆட்டியது.

முழு எண்ணுக்கு இரண்டு குணம் இருப்பதற்கும் இதுதான் காரணம். ஆஸ்லர் விலை ஓட்டத்தையும் சோதித்துப் பார்த்தார். முழு எண்ணைத் தொடும் விலை மற்ற இடங்களைவிட அதிகமாகத் திரும்புகிறது, தாண்டிவிட்டால் மற்ற இடங்களைவிட வேகமாக ஓடுகிறது. டார்கெட்டும், குறித்த விலையில் வாங்கக் காத்திருக்கும் லிமிட் ஆர்டரும் எண்ணின் மேல் இருப்பதால் அங்கே விலைக்குத் தடை. ஸ்டாப்லாஸ் எண்ணுக்கு அப்பால் இருப்பதால் அங்கே விலைக்கு எண்ணெய். எல்லா ஆர்டரும் ஒரே விலையில் கிடந்திருந்தால் ஒன்றை ஒன்று தின்று தீர்த்திருக்கும், இந்த இரண்டு குணமும் இப்படித் தனித்தனியாகத் தெரிந்திருக்காது. சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் என்று சொல்லப்படும் பலவற்றை நான் இன்னமும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். முழு எண் விஷயத்தில் மட்டும், ஏன் என்ற கேள்விக்கு ஆர்டர்களையே எண்ணிப் பார்த்துச் சொன்ன பதில் இருக்கிறது.

ஆனால் உடைந்தால் திரும்பி வருமா, ஓடிப்போகுமா என்பதை முன்கூட்டிச் சொல்ல இது உதவாது. அன்று எனக்குத் திரும்பியது. திரும்பாமல் ஒரு ஸ்டாப்லாஸ் குவியல் அடுத்த குவியலை எழுப்பி, அது அதற்கடுத்ததை எழுப்பி விலை ஓடிய நாட்களும் உண்டு. "உடைந்ததும் வாங்கு, திரும்பிவிடும்" என்று கிளம்பிய நண்பர் ஒருவர் அப்படிப்பட்ட ஒரே நாளில் ஆறு மாத லாபத்தைப் பறிகொடுத்தார்.

1.20-க்குக் கீழே காற்று

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் சுவிஸ் பிராங்குக்குப் போக வேண்டும். 2011 செப்டம்பர் 6-ம் தேதி சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம், தேவைப்பட்டால் வரம்பில்லாமல் வாங்குவோம் என்று அறிவித்தது. முழு எண் ஒன்றுக்கு இதைவிடப் பெரிய காவல் இருக்க முடியாது. எனவே 1.2010, 1.2020-ல் யூரோ வாங்குவது பாதுகாப்பான வியாபாரம் என்று பலர் நினைத்தார்கள். ஸ்டாப்லாஸ் எங்கே வைப்பது? 1.20-க்குக் கொஞ்சம் கீழே. கீழே போகவே போகாது என்கிறபோது அங்கே வைப்பதில் என்ன செலவு?

2015 ஜனவரி 15, சூரிச் நேரம் காலை பத்தரை. நம் ஊரில் மதியம் மூன்று மணி. இனி 1.20-ஐக் காக்கப் போவதில்லை என்று மத்திய வங்கி அறிவித்தது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்குக்கும் கீழே போய்விட்டது. 1.1990-ல் ஸ்டாப்லாஸ் வைத்தவர்களுக்கு 1.1990 கிடைக்கவில்லை. அந்த விலையில் வாங்க ஆளே இல்லை, இருந்த ஒரே பெரிய கை விலகிவிட்டது. ஆர்டர் எழுந்து நின்று அடுத்த ஆளைத் தேடும்போது அடுத்த ஆள் 1.05-லோ 1.00-லோ அதற்கும் கீழேயோதான் இருந்தார். கடன் வாங்கிப் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு வியாபாரம் செய்தவர்களின் கணக்கு பூஜ்யத்தைத் தாண்டி மைனஸில் போனது. அந்த நஷ்டத்தைச் சுமக்க முடியாமல் சில புரோக்கர் நிறுவனங்களே மூழ்கின.

என் 499.90-க்கு 499.15 கிடைத்ததும் இதுவும் ஒரே இனம்தான், அளவு மட்டும் வேறு. தூண்டும் விலை வேறு, விற்கும் விலை வேறு. நடுவில் உள்ள தூரத்தைத் தீர்மானிப்பது அந்த நேரத்தில் கீழே எத்தனை பேர் வாங்க நிற்கிறார்கள் என்பது. முழு எண்ணுக்குச் சற்றுக் கீழே என்பது, விற்கிறவர்கள் மிக அதிகமாகவும் வாங்குகிறவர்கள் மிகக் குறைவாகவும் இருக்கும் இடம். நான் என் ஆர்டரை வைக்கத் தேர்ந்தெடுத்த இடம் அது.

நான் மாற்றிக்கொண்டது

டார்கெட்டில் மாற்றியது சின்ன விஷயம். முன்பெல்லாம் 550-ல் போடுவேன். ஒரு நாள் பங்கு 550-ஐத் தொட்டது, 550-ல் வியாபாரமும் நடந்தது, என் ஆர்டர் மட்டும் விற்கவில்லை. ஒரே விலையில் நிற்பவர்களில் முதலில் வந்தவருக்கே முதலில் கொடுப்பார்கள். எனக்கு முன்னால் ஏகப்பட்ட பேர் நின்றிருந்தார்கள். விலை அப்படியே திரும்பி 528 வரை போனது. இப்போது 549.60 என்று போடுகிறேன். நாற்பது காசு குறைவு, வரிசையே இல்லை.

ஸ்டாப்லாஸில் மாற்றியதுதான் கடினம், பழகுவதற்குப் பல மாதம் ஆனது. முழு எண்ணை ஒட்டிப் போடாமல், அந்தக் குவியலும் அதன் தள்ளாட்டமும் எட்டாத அளவுக்குக் கீழே, அந்தப் பங்கு வழக்கமாக ஒரு நாளில் ஆடும் ஆட்டத்தையும் கணக்கில் எடுத்து வைக்க வேண்டும். 500 விஷயத்தில் அது 493.30. ஆனால் அப்படிச் செய்தால் பங்குக்கு நஷ்டம் கூடுமே? கூடும். அதனால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஒரு வியாபாரத்தில் 2,000 ரூபாய்க்கு மேல் இழக்கக்கூடாது என்பது என் விதி. 512-ல் வாங்கி 499.90-ல் ஸ்டாப்லாஸ் என்றால் பங்குக்கு 12.10 போகும், 165 பங்கு வாங்கலாம். 493.30 என்றால் பங்குக்கு 18.70 போகும், 106 பங்குதான் வாங்கலாம். முதலில் 165 பங்கு வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அதற்கு ஏற்றபடி ஸ்டாப்லாஸை மேலே இழுத்து வந்தேன், 500 என்ற எண் அதற்குக் கைகொடுத்தது. உண்மையில் அதுதான் நடந்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஆபரேட்டரை மறப்பதைவிட அதிக நாள் ஆனது.

போன வருடம் கிட்டத்தட்ட அதே அமைப்பில் இன்னொரு பங்கு வந்தது. 800-ல் சப்போர்ட். 816-ல் வாங்கி 789.40-ல் ஸ்டாப்லாஸ், 75 பங்கு. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "799.50 போட வேண்டியதுதானே தம்பி, எதுக்கு அவ்வளவு கீழ?" என்றார். "அங்க கூட்டம் அண்ணே" என்றேன். இரண்டு நாள் கழித்து 800 உடைந்தது, 797 வரை போய் திரும்பி 805-க்கு வந்தது. பெரியவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அடுத்த வாரம் மறுபடி உடைந்தது. இந்தத் தடவை 797-ல் நிற்கவில்லை. 789.40 தூண்டப்பட்டு 789.25-க்கு விற்றது. பங்கு 760 வரை போனது. நஷ்டம் 2,000 ரூபாய்க்குப் பக்கம், அந்தச் செவ்வாய்க்கிழமை போனதற்குக் கிட்டத்தட்ட சமம். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.